அணைத்த பிறகும் ஓடும் மீட்டர்

செட்-டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து அதன் மேல் கையை வைத்துப் பார்த்தால், பல வீடுகளில் அது இன்னும் கதகதப்பாகவே இருக்கும். படம் போய்விட்டது, பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது. உள்ளே வேலை மட்டும் நிற்கவில்லை. மொட்டை மாடி டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்.என்.பி.க்கு இந்தப் பெட்டிதான் மின்சாரம் அனுப்புகிறது; அது தொடர்கிறது. சேனல் பட்டியலையும் சந்தா விவரங்களையும் வாங்கிக்கொள்ள ட்யூனர் விழித்திருக்கிறது. பெட்டி ஓடும்போது பத்து, பன்னிரண்டு வாட் இழுக்கிறது என்றால், ரிமோட்டில் அணைத்த பிறகும் அதில் பெரும்பங்கை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். நின்றது படம் மட்டும்தான்.

இப்படி ஒரு கருவி தன் வேலையைச் செய்யாமல் காத்திருக்கும்போது இழுக்கும் மின்சாரத்தை ஸ்டாண்ட்பை மின்சாரம் என்கிறார்கள். பத்து வாட் என்பது ஒரு எல்.இ.டி. பல்பு அளவுதான். ஆனால் அந்தப் பல்பு இரவும் பகலும் எரிகிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வரும்வரை. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இதைக் கணக்கிட ஓர் எளிய எண் உண்டு. ஒரு வாட் சுமை 60 நாள், நாளுக்கு 24 மணி நேரம் ஓடினால் 1,440 வாட்-மணி. அதாவது 1.44 யூனிட். எந்தக் கருவியாக இருந்தாலும், அது சும்மா இருக்கும்போது இழுக்கும் வாட்டை 1.44-ஆல் பெருக்கினால் பில்லில் எத்தனை யூனிட் என்பது வந்துவிடும். பத்து வாட்டுக்குப் பதினாலரை யூனிட்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், வீடுகளில் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதி தவறான ஆளைப் பிடித்து உதைப்பது தெரியும். செல்போன் சார்ஜரை ஸ்விட்ச் போர்டிலேயே விட்டுவிட்டால் கரண்ட் பில் ஏறும் என்று பிள்ளைகளைத் திட்டாத வீடு குறைவு. போன் மாட்டாத இன்றைய சார்ஜர் இழுப்பது பத்தில் ஒரு வாட் அளவில்தான். இரண்டு மாதத்துக்கு 0.14 யூனிட். மிக உயர்ந்த கட்டண அடுக்கில் இருக்கும் வீட்டுக்குக்கூட அது ஒன்றரை, இரண்டு ரூபாயைத் தாண்டாது. டி.வி.யும் அப்படித்தான். ரிமோட்டில் அணைத்த புதிய டி.வி. பெரும்பாலும் அரை வாட்டோடு நின்றுவிடும்.

டி.வி. இவ்வளவு சாதுவானதற்குப் பின்னால் ஒரு சிறு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர், வீட்டுக் கருவிகள் தூங்கும்போது தின்னும் மின்சாரத்தைத் தொண்ணூறுகளிலேயே அளக்கத் தொடங்கியவர்களில் ஒருவர். எந்தக் கருவியும் ஸ்டாண்ட்பையில் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற யோசனையை 1999-இல் பன்னாட்டு எரிசக்தி முகமை கையில் எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாக்கி 2010 முதல் ஒரு வாட், 2013 முதல் அரை வாட் என்று வரம்பு வைத்தது. மணி போன்ற எதையாவது காட்டும் திரை உள்ளவற்றுக்கு மட்டும் இரு மடங்கு அனுமதி. உலகம் முழுவதற்கும் ஒரே பலகையைத் தயாரிக்கும் கம்பெனிகள் ஐரோப்பாவுக்குத் தனியாக, மற்றவர்களுக்குத் தனியாகச் செய்யவில்லை. அதன் பலன் நம் ஊர்க் கடைக்கும் வந்தது. ரிமோட்டின் சமிக்ஞைக்காகக் காத்திருக்க ஒரு சின்னச் சிப்பும் ஓர் உணரியும் விழித்திருந்தால் போதும். அதற்கு அரை வாட் தாராளம்.

ஆனாலும் அந்த அரை வாட்டைக் கெடுக்கும் ஓர் அமைப்பு ஸ்மார்ட் டி.வி.களிலேயே இருக்கிறது. மெனுவில் Quick Start என்றோ அதைப் போன்ற வேறு பெயரிலோ இருக்கும். அதை இயக்கி வைத்தால் பொத்தானை அழுத்திய உடனே படம் வந்துவிடும், ஏனென்றால் டி.வி. முழுதாகத் தூங்கியிருக்கவில்லை. சில மாடல்களில் அப்போது ஸ்டாண்ட்பை பத்து வாட்டையும் தாண்டுகிறது. பத்துப் பதினைந்து விநாடி காத்திருக்கப் பொறுமை இல்லாததற்கான விலை பதினாலரை யூனிட்.

சரி, ஒரு வீட்டில் மொத்தம் எவ்வளவு போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளக்கும் கருவி ஏற்கெனவே வாசலில் மாட்டியிருக்கிறது. மின்வாரியத்தின் எலக்ட்ரானிக் மீட்டர் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். அதன் அருகிலேயே 3200 imp/kWh என்பது போல அச்சிட்டிருப்பார்கள். மீட்டருக்கு மீட்டர் இந்த எண் மாறும். 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அதற்குப் பொருள்.

சோதனைக்குப் படுக்கப் போகும் நேரம் தோதானது. விளக்குகள், மின்விசிறிகள், ஏ.சி., மோட்டார் எல்லாவற்றையும் வழக்கமாக அணைப்பது போலவே அணைக்க வேண்டும். ஃப்ரிட்ஜை மட்டும் ஒரு கால் மணி நேரம் ஸ்விட்சில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்ரஸர் நடுவில் எழுந்து கணக்கைக் குழப்பிவிடும். கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே இருக்கும் பாலுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு மீட்டர் முன் நின்று, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று போனில் பார்க்க வேண்டும். 3200 என்று போட்ட மீட்டரில் 1,125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். மீட்டரில் 1600 என்றிருந்தால் 2,250-ஐ வகுக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் மாட்டி, ஆம்பியரைப் பார்த்து, 230-ஆல் பெருக்கிச் சொல்லும் கணக்கை இதற்கு நம்பக் கூடாது. ஸ்டாண்ட்பையில் இருக்கும் கருவிகள் இழுக்கும் கரண்டில் ஒரு பங்கு வேலை எதுவும் செய்யாமல் போய்த் திரும்பி வருவது. வீட்டு மீட்டர் அதற்குக் காசு கேட்பதில்லை. ஐந்து வாட் இருக்கும் இடத்தில் கிளாம்ப் மீட்டர் கணக்கு இருபது வாட் என்று பயமுறுத்திவிடும். மாறாக, வாசல் மீட்டருக்கும் ஒரு குறை உண்டு. சில வாட் மட்டுமே சுமை இருந்தால் அது சிமிட்டாமலே இருந்துவிடலாம். குறிப்பிட்ட அளவு கரண்ட் ஓடினால்தான் எண்ணத் தொடங்க வேண்டும் என்பது அதன் தர விதி.

ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை அடுக்ககம். ஃப்ரிட்ஜை நிறுத்திப் பார்க்கும்போது மீட்டர் 30 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டுகிறது. 1,125-ஐ 30-ஆல் வகுத்தால் 37.5 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்தில் இது. இனி ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துவிட்டு மீண்டும் மீட்டரைப் பார்த்தால் எது எவ்வளவு என்று பிரிந்துவிடும். செட்-டாப் பாக்ஸ் பத்து வாட். வைஃபை ரூட்டர் எட்டு. ஏ.சி.க்கு மாட்டிய ஸ்டெபிலைசர் எட்டு. தீபாவளிக்கும் கிரிக்கெட் இறுதிப் போட்டிக்கும் மட்டும் ஓடும் ஹோம் தியேட்டர் ஆறு. பிள்ளையின் பள்ளி புராஜெக்டுக்காக வாங்கிய பிரிண்டர் மூன்று, மணி காட்டிக்கொண்டே நிற்கும் மைக்ரோவேவ் அடுப்பு இரண்டு. டி.வி. அரை வாட்.

இதில் ஸ்டெபிலைசர்தான் யாருடைய கண்ணிலும் படாதது. ஏ.சி.யை ரிமோட்டில் அணைத்தாலும் அதற்கு முந்தைய ஸ்டெபிலைசரின் டிரான்ஸ்பார்மர் மின்சாரத்தில்தான் இருக்கிறது. அதன் இரும்பு உள்ளகம் மெல்லச் சூடாகிக்கொண்டிருக்கும். மார்கழியிலும் தையிலும் ஏ.சி.யே போடாத வீடுகளில் அது அப்படியே மாதக்கணக்கில் ஓடுகிறது. சுவரில் உயரத்தில் இருப்பதால் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பழைய ரேடியோ, கார்டுலெஸ் போன் போன்றவற்றோடு வந்த, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் அடாப்டர்களும் இதே இனம்தான். உள்ளே செம்பும் இரும்பும் சுற்றிய டிரான்ஸ்பார்மர். புதிய அடாப்டர்கள் எடையே இல்லாமல் இருப்பதற்கும் சூடாகாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே: மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி மாற்றும் மின்சுற்று அந்த இரும்பின் இடத்துக்கு வந்துவிட்டது.

இனி மாதிரி வீட்டில் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்க்கலாம். 37.5 வாட்டையும் மிச்சப்படுத்திவிட முடியாது. ரூட்டர் வேண்டும். செட்-டாப் பாக்ஸ் நாளில் ஐந்து மணி நேரம் நிஜமாகவே ஓடுகிறது; மீதி 19 மணி நேரம் சுவர் ஸ்விட்சில் அணைத்தால் இரண்டு மாதத்தில் 11.4 யூனிட் மிச்சம். ஸ்டெபிலைசரை ஏ.சி. ஓடாத 16 மணி நேரம் அணைத்தால் 7.7 யூனிட். ஹோம் தியேட்டர் 8.6, பிரிண்டர் 4.3, மைக்ரோவேவ் 2.9. கூட்டினால் 35 யூனிட்டுக்கு மிக அருகில் வருகிறது.

இந்த 35 யூனிட்டின் விலை என்ன என்பது அந்த வீடு எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கேதான் தமிழ்நாட்டுக் கட்டணமுறை விஷயத்தைச் சுவாரசியமாக்குகிறது.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501-ஆவது யூனிட் ஓடியதும் இரண்டு நடக்கும். அந்த யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு, அதுவாவது எதிர்பார்த்தது. கூடவே, 101 முதல் 200 வரை கிடைத்த பாதி விலைச் சலுகையும் பறிபோகிறது. அந்த நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு வீதம் கட்ட வேண்டும். 501 யூனிட்டுக்கான பில் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு ஆகிவிடுகிறது.

மாதிரி வீடு 530 யூனிட் ஓட்டியிருந்தால் பில் 2,292 ரூபாய். 35 யூனிட் குறைத்து 495-க்கு வந்தால் 1,773 ரூபாய் 50 காசு. வித்தியாசம் 518 ரூபாய் 50 காசு. அதே 35 யூனிட்டை 300 யூனிட் ஓட்டும் வீடு குறைத்தால் 164 ரூபாய் 50 காசு மிச்சம். 180 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 82 ரூபாய் சொச்சம். இரண்டு மின்விசிறியும் ஒரு டி.வி.யுமாக 90 யூனிட்டில் முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு ஒரு பைசாவும் மிச்சமில்லை; பில்லே வராத வீட்டில் எதைக் குறைப்பது? ஆகவே ஸ்டாண்ட்பை பெரிய விஷயமா, சின்ன விஷயமா என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் பொதுவான பதில் கிடையாது. பழைய பில்களை எடுத்து, கோடைக்கால எண்ணிக்கை 500-ஐ எவ்வளவு தாண்டுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இருபது, முப்பது யூனிட் தாண்டும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். 800 யூனிட் ஓடும் வீட்டில் செட்-டாப் பாக்ஸோடு மல்லுக்கட்டுவதைவிட ஏ.சி.யின் ரிமோட்டைக் கையில் எடுப்பது மேல்.

ஏ.சி.யில் இருக்கும் மிகப் பெரிய மின்சேமிப்பு அமைப்பு அந்த வெப்பநிலை எண்தான். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டு வர வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விதி. அதை மாற்ற யாருக்கும் தடையில்லை. மாற்றாத சோம்பேறித்தனத்தையே நம்பி வகுத்த விதி அது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய ஆறு சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 22-இல் வைத்து இரண்டு மாதத்தில் 150 யூனிட் ஓட்டும் ஏ.சி.யை 25-க்குக் கொண்டுவந்தால் 25 யூனிட் அளவில் குறையும்.

கூடவே மின்விசிறியைப் போடச் சொல்வார்கள். காற்று மேலே பட்டால் 25 டிகிரியே போதுமான குளிராகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் எந்த மின்விசிறி என்று யாரும் சொல்வதில்லை. பழைய வகை 75 வாட் சீலிங் ஃபேனை முழு வேகத்தில் இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் 60 நாளில் 36 யூனிட். ஏ.சி.யில் மிச்சம் பிடித்த 25 யூனிட்டையும் தின்றுவிட்டு மேலே பதினொன்றையும் அது கேட்கிறது. ஏற்கெனவே ஏ.சி.யோடு ஃபேனும் ஓடும் வீடாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. புதிதாகச் சேர்ப்பவர்கள் வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும். அதிலும், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இருந்தால்தான் வேகத்தோடு மின்சாரமும் ஒழுங்காகக் குறையும். சுவரில் பெட்டி போல் துருத்திக்கொண்டிருக்கும் பழைய ரெகுலேட்டர், குறைத்த மின்சாரத்தில் ஒரு பெரும்பங்கைத் தன் கம்பிச் சுருளிலேயே சூடாக்கி விட்டுவிடுகிறது. முப்பது வாட்டுக்குள் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் இருந்தால் முழு வேகத்திலும் பதினாலு யூனிட்டோடு முடியும்.

இன்வெர்ட்டர் ஏ.சி.களில் வரும் ஈகோ பொத்தான் கம்ப்ரஸரின் உச்ச வேகத்துக்கு ஒரு கட்டுப்பாடு போடுகிறது. அறை ஒருமுறை குளிர்ந்த பிறகு, இரவு முழுவதும் அந்தக் குளிரைத் தக்கவைக்க அது போதும். வெயிலில் காய்ந்த மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், மாலை ஆறு மணிக்கே ஈகோவில் போட்டால் அறை குளிரவே குளிராது, ஏ.சி. மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் சாதாரணமாக ஓட்டிவிட்டு அதன்பின் ஈகோவுக்கு மாற்றுவதே சரி. 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை, ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை ஏ.சி.யைப் பொறுத்தவரை முழுத் தவறு. வேகமும் அதே, குளிரும் அதே. நிறுத்த மறந்தால் கூடுதலாக ஓடும் நேரம் மட்டும்தான் வித்தியாசம்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் மேசைக் கணினியைக் கவனிக்கலாம். ஸ்க்ரீன் சேவர் ஒரு வாட்டையும் சேமிப்பதில்லை. பழைய குழாய்த் திரைகளில் படம் பதிந்துபோகாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. சும்மா விட்ட கணினி ஐம்பது வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், இரவு பத்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 30 யூனிட். கால் மணி நேரம் தொடாவிட்டால் ஸ்லீப்புக்குப் போகுமாறு அமைத்துவிட்டால் அது சில வாட்டுக்கு இறங்கிவிடும்.

சுவர் ஸ்விட்சில் அணைப்பது நம் ஊரில் எளிது. அநேகமாக ஒவ்வொரு ப்ளக் பாயின்டுக்கும் தனி ஸ்விட்ச் வைக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் கிடையாது. ஆனால் இன்டீரியர் வேலை செய்த புது வீடுகளில் அந்த ஸ்விட்சே டி.வி.யின் பின்பலகைக்குள் புதைந்துவிடுகிறது. ஸ்விட்ச் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் செட்-டாப் பாக்ஸையும் ஹோம் தியேட்டரையும் சேர்த்துக் கை எட்டும் இடத்துக்குக் கொண்டுவருவதுதான் அங்கே வழி. மறுபடி போடும்போது செட்-டாப் பாக்ஸ் முழுதாக விழிக்க ஓரிரு நிமிடம் எடுக்கும். அதில் இரவு ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பதிவுசெய்ய அமைத்திருந்தால் அணைக்கவே முடியாது.

ஓ.எல்.இ.டி. டி.வி.யை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. ரிமோட்டில் அணைத்த பிறகுதான் அது தன் திரைப் புள்ளிகளைச் சரிசெய்யும் வேலையைத் தொடங்கும். உடனே சுவரில் அணைத்தால் அது நடக்காமல் போகும். நாளடைவில் சேனல் லோகோவின் நிழல் திரையில் தங்கிவிட வாய்ப்புண்டு. அரை வாட்டுக்காக அவ்வளவு விலையுள்ள திரையோடு விளையாட வேண்டியதில்லை. மின்வெட்டுக்காக வைத்திருக்கும் வீட்டு இன்வெர்ட்டரும் பேட்டரியை நிரம்பிய நிலையில் வைத்திருக்கச் சில வாட் இழுத்தபடிதான் இருக்கும். அதை அணைத்து வைத்தால் பேட்டரி தானாக வடிந்து, லெட் தகடுகளில் உப்புப் படிந்து, ஆயுள் குறையும். இரண்டு மாதத்துக்கு நூறு, இருநூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், பேட்டரியையே மாற்ற வேண்டி வரும். கண்காணிப்பு கேமரா ரூட்டரோடு இணைந்திருந்தால் ரூட்டரையும் இரவில் விட்டுவைக்க வேண்டியதுதான். இல்லாதவர்கள் தூங்கும் ஏழு மணி நேரம் அதை அணைத்தால் எட்டு வாட் ரூட்டரில் 3.4 யூனிட் வரும். 502-இல் நிற்கும் வீட்டுக்கு அது மட்டுமே போதும்.